இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் குடும்பத்தாருக்கான உளக்கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துதான் டாக்டர் கொடுக்கிறாரே, நாங்கள் எட்டு வாரம் வந்து உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

நோயைப் பற்றி உறவினருக்குக் கற்பிக்கும் இந்த உளக்கல்வி மருந்துக்கு மாற்றாக நடத்தப்படவில்லை. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் மீண்டும் தலைதூக்கினால், அதை முதலில் காணக்கூடியவர்கள் ஒரே வீட்டில் வசிப்பவர்கள்தாம். மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவரால் அது முடியாது. வீட்டார் கண்டதை உரிய நேரத்தில் உரிய இடத்தில் சொல்லக் கற்றுக்கொள்வதே இந்த அமர்வுகளின் மையம்.

பார்சிலோனாவில் ஒரு மருத்துவக் குழு, நோய் அடங்கியிருந்த 113 பேரின் குடும்பத்தாரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் ஒன்று வீதம் ஒன்றரை மணி நேர அமர்வுகள் பன்னிரண்டு நடத்தியது. முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. உறவினர் மட்டும் வந்து கற்றுக்கொண்ட அந்தப் பிரிவில் நோய் திரும்புவது குறைந்தது. திரும்பியவர்களுக்கும் தாமதமாகவே திரும்பியது. ஆனால் இந்தப் பயன், மேனியா எனப்படும், உற்சாகமும் வேகமும் அளவுமீறும் எழுச்சிக் கட்டத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது, மனச்சோர்வுக் கட்டத்தில் அவ்வாறு தெரியவில்லை. 1999-இல் இங்கிலாந்தில், நோயுற்றவர்களுக்கே முன்னறிகுறிகளைக் கற்பித்து, கண்டதும் மருத்துவரிடம் செல்லப் பழக்கிய இன்னோர் ஆய்வும் இதே எல்லையைத்தான் காட்டியது. எனவே நாங்கள் வாக்குறுதியை அளந்துதான் கொடுக்கிறோம். எழுச்சி வருவதை முன்னதாகப் பிடிக்க இது உதவும். சோர்வுக்கு இதிலிருந்து கிடைப்பது குறைவு. அதைப் பற்றித் தனியே கீழே எழுதியிருக்கிறோம்.

எட்டு அமர்வுகளிலும் என்னதான் நடக்கும்? வகுப்பு மாதிரிப் பாடம் எடுப்பீர்களா?

எட்டு முதல் பன்னிரண்டு உறவினர்கள் வட்டமாக உட்காருவார்கள். சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம். அதில் நாங்கள் பேசுவது அரை மணிக்கு மேல் போகாது. பார்சிலோனாவின் பன்னிரண்டை எட்டாகச் சுருக்கியதற்குக் காரணம் அறிவியல் அன்று, பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும்தான். பன்னிரண்டு வைத்தபோது ஆறாவது வாரத்துக்குப் பிறகு நாற்காலிகள் காலியாகத் தொடங்கின.

முதல் அமர்வில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். இரண்டாவதில் நோய் என்ன, எது அதன் அறிகுறி, எது அந்த மனிதரின் இயல்பு என்பதைப் பிரித்துப் பார்ப்போம். மூன்றாவதில் நோயின் போக்கை ஒரு நீண்ட தாளில் கோடாக வரைவோம்: நடுக்கோடு இயல்பு நிலை, மேலே எழுச்சி, கீழே சோர்வு, ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பக்கத்தில் அந்தச் சமயத்தில் வீட்டில் நடந்தவை. இதுவே முதல் கைத்தாள். நான்காவது அமர்வு மருந்துகளுக்கு. அதில், மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் என்ற மருந்துக்கான அட்டை தரப்படும். ஐந்தும் ஆறும் முன்னறிகுறித் தாளுக்கு. மற்றவற்றுக்கு ஒன்று ஒதுக்கி இதற்கு மட்டும் இரண்டு ஒதுக்கியிருப்பதன் காரணம் மேலே சொன்னதுதான். ஏழாவதில் பேசும் முறையைப் பழகுவோம். எட்டாவதில் நெருக்கடி வந்தால் என்ன செய்வது, சட்டம் என்ன சொல்கிறது, பணத்தை எப்படிக் காப்பது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி முடிப்போம்.

அவரையும் கூட்டிக்கொண்டு வரலாமா? அவருக்குத் தெரியாமல் வந்தால் தப்பா?

அவருக்குத் தெரியாமல் வருவதை நாங்கள் ஏற்பதில்லை. வீட்டார் மருத்துவமனைக்குப் போய்த் தன்னைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறார்கள் என்பதை அவர் எப்படியும் அறிந்துகொள்வார். அதன் பிறகு தாளில் எழுதிய எதற்கும் அவரிடம் மதிப்பிருக்காது. அவருடைய இசைவைப் பெற்றே உறவினரைச் சேர்க்கிறோம். அவர் தனியே மருத்துவரிடம் சொன்னவற்றை உறவினரிடம் வெளிப்படுத்துவதில்லை என்பதை முதல் நாளே இரு தரப்பிடமும் சொல்லிவிடுகிறோம்.

அமர்வுகள் உறவினருக்கு மட்டும். அவர் முன்னால் இருந்தால் ஒரு தாயால் 'எனக்கு அவன்மேல் வெறுப்பு வந்துவிட்டது' என்று சொல்ல முடியாது. சொல்லாமல் அடக்கியது வீட்டில் வேறு வடிவில் வெளிவரும். ஆறாவது அமர்வு மட்டும் விதிவிலக்கு. முன்னறிகுறித் தாளில் அவர் கையெழுத்து வேண்டும் என்பதால் அன்று அவரும் வருவார். நோய் முற்றியிருக்கும் நேரத்தில் எவரையும் சேர்ப்பதில்லை; அப்போது குடும்பத்துக்கு ஒரே ஒரு சந்திப்பு, அதுவும் பாதுகாப்பைப் பற்றி மட்டும்.

எங்கள் வீட்டில் அது திடீரென்றுதான் வருகிறது. முன்கூட்டி எப்படித் தெரியும்?

ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் இதைத்தான் சொல்கின்றன, ஏறக்குறைய எல்லாமே ஐந்தாவது அமர்வின் முடிவில் இதைத் திருத்திக்கொள்கின்றன. இரண்டு மூன்று குடும்பங்களின் விவரங்களைச் சேர்த்தும் மாற்றியும் ஒரு கதையாகத் தருகிறோம்.

அவருக்கு 36 வயது, லேத் பட்டறை வைத்திருப்பவர். 24 வயதில் முதல் எழுச்சி. 33-இல் மூன்றாவது, அதில் ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தார். மனைவியும் தாயும் அமர்வுக்கு வந்தார்கள். 'வியாழக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தார், வெள்ளிக்கிழமை தம்பியை அடித்துவிட்டார்' என்று மனைவி சொன்னார். சேர்க்கப்பட்ட நாளிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொன்னோம். நினைவு ஏமாற்றும், அதனால் தேதி அச்சிட்ட பொருள்களைக் கேட்டோம். கைப்பேசி அழைப்புப் பட்டியல், நகை அடகு ரசீது, மகளின் பள்ளி நாட்குறிப்பு, நாட்காட்டியில் கிறுக்கிய பால் கணக்கு எல்லாம் வந்து சேர்ந்தன.

அவற்றிலிருந்து கிடைத்த வரிசை இது. சேர்க்கப்பட்டதற்கு 26 நாள் முன்பு சொந்த ஊரில் கோயில் கொடை விழா. இரண்டு இரவு அவர் கண்மூடவில்லை. திரும்பி வந்த பின் தூக்கம் பழைய நிலைக்கு வரவே இல்லை. ஏழு மணி நேரம் தூங்குபவர் நான்காம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பட்டறையைக் கூட்டிக் கழுவியிருக்கிறார். அன்று தாய் அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். ஒன்பதாம் நாளிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் பழைய பள்ளித் தோழர்களுக்கு அழைப்புகள், ஒரே இரவில் பதினான்கு. பதினைந்தாம் நாள் இரண்டாவது லேத்துக்கு முன்பணம். பத்தொன்பதாம் நாள் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. இருபத்திரண்டில் பட்டறை ஆள் இருவரை வேலையை விட்டு அனுப்பினார். இருபத்தாறில் தம்பியை அடித்தார்.

திடீரென்று வந்தது என்று அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அடி விழுந்த நாள்தான் அவர்களுக்குக் கதையின் தொடக்கமாக இருந்தது. பட்டறையைக் கூட்டியதை யாரும் நோயாக எண்ணவில்லை, ஏனெனில் அது நல்ல காரியம். எழுச்சியின் தொடக்கம் பெரும்பாலும் இப்படி நல்ல காரியம் போலவே தோன்றும். தடுப்பதற்கு ஏற்ற காலமும் அதுதான். இந்தக் கதையில் நான்காம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் இடையில் பதினொரு நாள் இருந்தன. சிலருக்கு இந்த இடைவெளி மூன்று நாளாகவும் இருக்கும், சிலருக்கு ஒரு மாதமாகவும் இருக்கும். ஆனால் ஒரே மனிதரிடம் ஒவ்வொரு முறையும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றாகவே திரும்பும். அதனால்தான் புத்தகத்திலுள்ள பட்டியலை விட உங்கள் வீட்டு அடகு ரசீது பயனுள்ளது.

முன்னறிகுறித் தாளில் என்ன எழுத வேண்டும்?

ஒரே தாள், மூன்று பகுதி: பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் அவர் நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்பதை எழுத வேண்டும். குடும்பங்கள் அலட்சியமாகத் தாண்டிப்போகும் பகுதி இது. ஏழு மணி நேரம் தூங்குவார், அதிகம் பேசமாட்டார், ஞாயிறன்று மட்டும் நண்பர்களைப் பார்ப்பார் என்று அளவோடு எழுதினால்தான் மஞ்சளை அளக்க ஒரு கோல் கிடைக்கும்.

மஞ்சளில் மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். மேலே சொன்ன பட்டறைக்காரரின் தாளில் இருந்தவை: தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் மறுநாள் களைப்பின்மை, இரவு பத்துக்கு மேல் அழைப்புகள், இரண்டாவது லேத் பற்றிய பேச்சு. 'கோபம் வரும்' என்று எழுத மனைவி விரும்பினார். கோபம் எல்லோருக்கும் வரும், எவ்வளவு வந்தால் எண்ணுவது என்று கேட்டதும் அவரே விட்டுவிட்டார். எண்ணக்கூடியதும் கண்ணால் காணக்கூடியதும் மட்டுமே தாளில் இடம்பெறும். தூக்கம் குறைந்து களைப்பும் இருந்தால் அது கவலையாகவோ கொசுக்கடியாகவோ இருக்கலாம். தூக்கம் குறைந்தும் உற்சாகம் கூடினால்தான் அது மஞ்சள்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் எதிரே, யார் என்ன செய்வார் என்று எழுத வேண்டும். அவர் தாளில் இப்படி இருந்தது: மூன்றில் இரண்டு தோன்றினால் மனைவி அவரிடம் தாளைக் காட்டுவார், மறுநாளே மருத்துவமனைக்குப் போவார்கள், அன்றிரவு முதல் ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு, காபி இல்லை, கைப்பேசி தாயிடம். முன்னரே மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும், அவர் சொன்ன அளவில் இரவு மருந்தைக் கூட்டலாம். குடும்பமாகவே முடிவு செய்து கூட்டக் கூடாது. சிவப்பில் அடகு, முன்பணம், கைகலப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு. இவற்றுக்கு எதிரே ஒரே வரி, அன்றே மருத்துவமனை. ஏ.டி.எம். அட்டை, வண்டிச் சாவி, அலமாரிச் சாவி ஆகியவை மஞ்சளிலேயே மனைவியிடம் வந்துவிட வேண்டும் என்று அவரே சொல்லி எழுதவைத்தார். நலமாக இருக்கும்போது அவர் எழுதியதால்தான் பின்னர் அது பறிமுதலாகத் தெரியவில்லை.

அந்தத் தாள் அடுத்த பதினெட்டு மாதத்தில் இருமுறை எடுக்கப்பட்டது. முதல் முறை பல்வலியால் வந்த தூக்கமின்மை. மருத்துவர் பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் அனுப்பினார். பேருந்துச் செலவு வீண் என்று தாய் முணுமுணுத்தார். எங்கள் கணக்கில் அது வீண் அன்று. வருடத்தில் ஒரு பொய் எச்சரிக்கைகூட வராத தாளில் கோடு மிகத் தாமதமாகப் போடப்பட்டிருக்கிறது என்றே ஐயப்படுவோம். இரண்டாம் முறை மூன்று அறிகுறிகளும் இருந்தன. இரத்தத்தில் லித்தியம் குறைந்திருந்தது, மருந்து சரிசெய்யப்பட்டது, நான்கு நாள் பட்டறை மூடியிருந்தது. மருத்துவமனையில் சேரவில்லை.

அவர் கொஞ்சம் சிரித்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. இது சரியா?

பயம் இயல்புதான், ஆனால் அதன் விலையை அவர்தான் கொடுக்கிறார். 'நான் பாட்டு முணுமுணுத்தாலும் மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார்கள்' என்பது நோயுற்றவர்கள் எங்களிடம் சொல்லும் முதல் குறை. தாளில் மூன்றை மட்டும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மூன்றில் இல்லாத எதையும் நோயாகக் கருத வேண்டாம். மாத்திரையைப் பற்றிய கேள்வி நாளுக்கு ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் மட்டும் என்று வைத்துக்கொண்ட வீடுகளில் சச்சரவு குறைந்ததைப் பார்க்கிறோம். வாரத்தின் ஏழு நாளுக்கும் அறை பிரித்த மாத்திரைப் பெட்டி இருந்தால் அந்தக் கேள்விகூடத் தேவையில்லை.

அறிகுறியைக் கண்டு சொன்னால் சண்டைதான் வருகிறது. எப்படிச் சொல்வது?

1950-களின் இறுதியிலிருந்து லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். உறவினரின் இடைவிடாத குறைகூறல், பகைமை, அளவுமீறிய தாங்கல் ஆகியவை இருந்த வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்பியது. அவர் பார்த்தவர்கள் பெரும்பாலும் மனச்சிதைவு நோயர்கள்; பின்னர் இருமுனைக் கோளாறிலும் இதே தொடர்பு காணப்பட்டது. உறவினரால்தான் நோய் வந்தது என்பது இதன் பொருள் அன்று. நோயே வீட்டாரைக் குறைகூற வைக்கிறது, அந்தக் குறைகூறல் நோய்க்கு உரமாகிறது, சக்கரம் இப்படியே சுழல்கிறது.

ஏழாவது அமர்வில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பழகுகிறோம். பார்த்தது என்ன, எப்போது, அது எனக்கு என்ன செய்கிறது, என்ன கேட்கிறேன் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 'எப்பப் பாத்தாலும்', 'மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்க' போன்றவை இருக்கக் கூடாது. ஒரு மனைவி தன் கணவரிடம் சொல்லிப் பார்த்தது இது: 'நேத்தும் முந்தாநாளும் ராத்திரி மூணு மணிக்கே எழுந்துட்டீங்க. எனக்குக் கவலையா இருக்குங்க. நாம எழுதின தாள்ல இருக்கிற மாதிரி நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?' தாளைச் சுட்டுவது முக்கியம். அப்போது பேசுவது மனைவி அல்லர், நலமாக இருந்தபோது கையெழுத்திட்ட கணவரே.

சிவப்பில் இருப்பவரிடம் இது பலிக்காது. மணிக்கணக்கில் விவாதிக்கும் ஆற்றல் அவருக்கு அப்போது இருக்கும், உங்களுக்கு இருக்காது. அந்த நேரத்தில் குறைந்த சொற்கள், தாழ்ந்த குரல், கதவுக்கு அருகில் நிற்பது, ஒரே ஒருவர் பேசுவது என்பவை மட்டுமே.

லித்தியம் அட்டையில் என்ன இருக்கிறது? ஏன் அதை எப்போதும் பையில் வைக்கச் சொல்கிறீர்கள்?

லித்தியத்தில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. தொடர் சிகிச்சையில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தால் போதும், எழுச்சியின் போது மருத்துவர் சற்றுக் கூடுதலாக வைப்பார், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு அதற்குக் கீழேயும் வரலாம்.

இரத்தம் எடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு. இரவு ஒன்பதுக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு இரத்தம். காலை மாத்திரையும் உண்டென்றால் அதை இரத்தம் கொடுத்த பின்பே போட வேண்டும். வெறும் வயிற்றில் வரச் சொல்லவில்லையே என்று காலையிலேயே மாத்திரையைக் கொடுத்து அழைத்துவந்து, அளவு கூடுதலாகக் காட்டி, தேவையில்லாமல் மருந்தைக் குறைத்த நிகழ்வுகள் உண்டு. எனவே அட்டையில் மாத்திரை நேரத்துக்கும் இரத்தம் எடுத்த நேரத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் வைத்திருக்கிறோம். சிறுநீரகம், தைராய்டு சோதனைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கட்டம்.

அட்டையின் மறுபக்கம் தமிழ்நாட்டு வெயிலுக்கு. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வேலை, வயிற்றுப்போக்கு, வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு, யாரோ சொன்னதால் திடீரென்று உப்பை நிறுத்துவது ஆகிய எல்லாம் ஒரே வழியில் போய் முடியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும்; சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படியே. சளி, மூட்டுவலி என்று வேறு மருத்துவரிடம் போனால் முதலில் இந்த அட்டையைக் காட்டுங்கள். கை நன்றாகவே ஆடுதல், நாக்குக் குழறல், தள்ளாட்டம், வாந்தி, குழப்பம் இவை சேர்ந்து வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். விரல் நுனியில் தெரியும் மெல்லிய நடுக்கம் மட்டும் பலருக்கும் உண்டு, அது வேறு. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டையாகக் கொடுக்கக் கூடாது.

மாத்திரை வேண்டாம் என்கிறார். சோற்றில் கலந்து கொடுத்துவிடலாமா?

கேட்காதவர்கள் குறைவு, செய்தவர்களும் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். அவர்களைக் குற்றவாளியாக்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறோம். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டால் பாதி மருந்து. அவர் மனம் மாறித் தானாகவும் போட்டுக்கொண்டால் இரட்டிப்பு, லித்தியத்தில் அது ஆபத்து. பக்கவிளைவு வந்தால் காரணம் புரியாமல் அவர் வேறு மருத்துவரிடம் போவார். ஒருநாள் ரசத்தின் அடியில் வெள்ளைத் துகளைக் கண்டுவிட்டால், அதன்பின் வீட்டுச் சோற்றையே தொடாதவராகிவிடுவார். மனைவி தனக்கு நஞ்சு வைப்பதாக எழும் ஐயத்துக்கு அன்றிலிருந்து ஆதாரமும் இருக்கும்.

ஏன் வேண்டாம் என்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். எடை கூடுதல், கை நடுக்கம், தாம்பத்திய உறவில் தடை, காலையில் எழ முடியாமை எனப் பெரும்பாலும் சரிசெய்யக் கூடிய ஒன்றாகவே இருக்கும், அவர் சொல்லக் கூச்சப்படுவார். 'எழுச்சியில் இருக்கும்போதுதான் நான் நானாக இருக்கிறேன்' என்று சொல்பவர்களும் உண்டு. அது கூச்சம் அன்று, இழப்பு. அதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

குலதெய்வக் கோயிலுக்குக் கொடைக்குப் போக வேண்டும். போகலாமா?

போகலாம். சாமியைக் கும்பிடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. இரவு முழுவதும் விழித்திருப்பதில்தான் மறுப்பு. தூக்கம் கெடுவது எழுச்சியின் அறிகுறியாக மட்டும் இல்லாமல் அதைத் தூண்டும் காரணமாகவும் இருப்பதால், பட்டறைக்காரரின் குடும்பம் அடுத்த ஆண்டு பகல் பூசைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பியது. கல்யாண வீடு, தொலைதூர இரவுப் பேருந்து, இரவுப் பணிமுறை, பிறந்த குழந்தை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் பெண்களுக்கு மிக ஆபத்தான காலம். கர்ப்பத்தைத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்நோய்க்குக் கொடுக்கப்படும் வால்புரோயேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கும்.

சோர்வுக் கட்டத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

சோர்வு பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும், எழுச்சியைப் போலத் தேதி போட்டுக் காட்ட முடியாது. ஆண்டுகளின் கணக்கில் நோயுற்றவர் அதிக நாள் கழிப்பது இதில்தான், வீட்டார் குறைவாகக் கவனிப்பதும் இதைத்தான். சத்தம் போடாமல் படுத்திருப்பவரைப் பார்த்து 'இப்போது பரவாயில்லை' என்று எண்ணிக்கொள்கிறார்கள். குளிப்பு தள்ளிப்போதல், காலையில் எழாமை, கடையைத் திறக்காமை என்று உங்கள் வீட்டில் எண்ணக்கூடிய இரண்டைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். 'மனசைத் தைரியமா வச்சுக்கோ' என்பதற்குப் பதிலாக, முகம் கழுவி வாசல் வரை வந்து உட்காருவது போன்ற மிகச் சிறிய ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்யுங்கள். வேறெங்காவது மனச்சோர்வு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து இல்லாமல் அதைக் கொடுத்தால் சிலர் எழுச்சிக்குத் தாவிவிடுவார்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள், அன்றே அழைத்து வாருங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், பூட்டி வைப்பது போதாது. லித்தியமே மொத்தமாக விழுங்கினால் உயிரைப் பறிக்கும் என்பதால் ஒன்றிரண்டு வார மாத்திரையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், ஆம்புலன்சுக்கு 108.

ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நலமாக இருக்கும்போதே அவர் தனக்கு நியமனப் பிரதிநிதி ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அமர்த்தலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டிய அறிவுறுத்தலும் எழுதலாம். பின்னர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலைக்கோ, தன்னைப் பேணிக்கொள்ள முடியாத நிலைக்கோ வந்து, அவர் மறுத்தாலும், அந்தப் பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு வல்லுநரும் தனித்தனியே பார்த்து ஒத்துக்கொண்டால் சேர்க்கலாம்; முதலில் 30 நாள் வரை. அதிகமாகப் பேசுகிறார், பணத்தை வீணாக்குகிறார் என்பது மட்டும் பெரும்பாலும் இதற்குப் போதாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனவேதான் மஞ்சளிலேயே, அவர் தானாக வரச் சம்மதிக்கும்போதே வரச் சொல்கிறோம். சங்கிலியில் கட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது.

பிள்ளைகளுக்கு வருமா?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம். பொதுமக்களில் வருவதை விட இது அதிகம்தான், ஆனால் தொண்ணூறு பேருக்கு வராது. திருமணப் பேச்சில் மறைப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. மறைத்த வீட்டில் மாத்திரை முதலில் ஒளிக்கப்படும், பிறகு நிறுத்தப்படும்.

எட்டு வாரம் முடிந்த பிறகு தாள்களை என்ன செய்வது?

முன்னறிகுறித் தாளுக்கு மூன்று பிரதி: ஒன்று அவரிடம், ஒன்று அதில் பெயர் எழுதப்பட்ட உறவினரிடம், ஒன்று மருத்துவமனைக் கோப்பில். சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டாம். வீட்டுக்கு வருபவர்கள் படிப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு முறை நோய் தலைதூக்கி அடங்கிய பின்னும் எங்களிடம் கொண்டுவாருங்கள், புதிதாகத் தெரிந்ததைச் சேர்த்து மறுபடி எழுதுவோம். பட்டறைக்காரரின் இப்போதைய தாளில் இரண்டாவது லேத் இல்லை, ஏனெனில் நன்றாக இருக்கும்போதே கணக்குப் பார்த்து அதை வாங்கிவிட்டார். அந்த வரியில் இப்போது லாரி என்று இருக்கிறது.